ஒரு கறவைப் பசுவின் ஒரு நாள் லாபம்: இரண்டு ஈற்றுகளின் கணக்கேடு

பின்னணி

இங்கே பதிவாகும் பசு, இரண்டாம் ஈற்றில் இருந்த ஒரு ஜெர்சி கலப்பினம். ஐம்பதைக் கடந்த ஒரு தம்பதியர் அதை வளர்த்தனர். கறப்பதும் கணக்கு எழுதுவதும் மனைவியின் பொறுப்பு. புல் அறுப்பதும் தீவனம் வாங்குவதும் கணவரின் பொறுப்பு. கன்று ஈன்ற 45ஆம் நாளில் அவர்கள் தங்கள் நோட்டை என்னிடம் காட்டினர். அன்றைய பால் 14 லிட்டர். கன்றுக்கு விட்ட 2 லிட்டர் போக 12 லிட்டர் விற்பனை. அதிலிருந்து அடர்தீவனச் செலவைக் கழித்து, மீதியை அந்த நாளின் லாபம் என்று எழுதி, அதை 30ஆல் பெருக்கி மாத வருமானம் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள். அந்தத் தொகையை நம்பி, கடன் வாங்கி இன்னொரு பசு பிடிக்கலாமா என்பதே அவர்களுடைய கேள்வி.

கால்நடைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் சொன்னது ஒன்றுதான்: அடுத்த கன்று ஈனும் நாள் வரை கணக்கை எழுதி முடிப்போம், அதன் பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் 45 நாட்களின் விவரம் பால் ஊற்றும் அட்டையிலும் தீவனம் வாங்கிய சீட்டுகளிலும் இருந்ததால், ஈன்ற நாளிலிருந்தே ஏட்டைத் தொடங்க முடிந்தது.

கணக்கின் அலகு

பால் விலையும் தீவன விலையும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே எல்லாச் செலவையும் பாலின் லிட்டராக மாற்றியே எழுதினோம். ஒரு கிலோ அடர்தீவனம் வாங்க எத்தனை லிட்டர் பால் விற்க வேண்டும் என்று கேட்டால், இந்த வழக்கில் விடை 0.75 லிட்டர். பசுந்தீவனம் கிலோ 0.06 லிட்டர், வைக்கோல் கிலோ 0.2 லிட்டர். நாளொன்றுக்கு 20 கிலோ பசும்புல்லும் 4 கிலோ வைக்கோலும் கொடுத்தார்கள். அது 2 லிட்டர். தாது உப்புக் கலவைக்கு நாளுக்கு 0.1 லிட்டர். இந்த எண்களைத் தாம் விற்கும் பால் விலையால் பெருக்கிக்கொண்டால் யாருக்கும் அவரவர் தொகை கிடைத்துவிடும். தீவன விலை விகிதம் வேறாக இருந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

பசுவின் விலை, கொட்டகை, வட்டி, கூலி ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. கன்றின் வளர்ப்பைத் தனி நோட்டில் எழுதினோம். சாணம் அவர்கள் நிலத்துக்கே போனதால் அதை வரவாகக் காட்டவில்லை. எனவே இங்கே லாபம் என்று சொல்வது, தீவனமும் மருத்துவமும் போக மாட்டுக்காரர் கையில் நிற்கும் மீதியை மட்டுமே.

முதலில் கண்டவை

45ஆம் நாளில் பசு 7 கிலோ அடர்தீவனம் தின்றது. உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற வழக்கமான அளவுக்கு அது பொருந்தியே இருந்தது. அதன் செலவு 5.25 லிட்டர். 12இலிருந்து கழித்து, 6.75 லிட்டர் லாபம் என்பது நோட்டில் இருந்த கணக்கு. புல்லும் வைக்கோலும் சொந்த நிலத்தில் விளைந்தவை என்பதால் அவற்றை யாரும் எழுதவில்லை. ஆனால் அந்தப் புல்லை அறுத்து விற்றிருந்தால் காசு கிடைத்திருக்கும். அந்த நிலத்தில் வேறு பயிரும் வைத்திருக்கலாம். அதையும் தாது உப்பையும் சேர்த்ததும் 6.75 என்பது 4.65 ஆனது.

இதைவிடப் பெரிய பிழை 30ஆல் பெருக்கியதில் இருந்தது. பசு ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் உச்சக் கறவை கொடுக்கும். அவர்கள் எழுதிய நாள், அந்த ஈற்றிலேயே மிக நல்ல நாட்களுள் ஒன்று. உச்சத்துக்குப் பிறகு பால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பாலே இல்லாமல் தீவனம் மட்டும் போகும். ஒரு நாளின் லாபம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஓர் ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரையுள்ள எல்லா நாட்களையும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் சொல்ல முடியும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

66ஆம் நாள் பசு பருவத்துக்கு வந்தது. விடியற்காலையில் கத்தியது, கறவையில் ஒரு லிட்டர் குறைந்தது, வாலடியில் கண்ணாடி போன்ற கோழை தொங்கியது. அறிகுறிகளை அந்த அம்மா சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் சினை ஊசி போடவில்லை. “பால் நல்லா இருக்கும்போது எதுக்கு தம்பி அவசரம்? சினை பிடிச்சா பால் இறங்கிடும்ல” என்றார். இது பலரிடமும் உள்ள எண்ணம். சினையால் பால் கண்ணுக்குத் தெரியும்படி குறைவது ஏறக்குறைய ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் இறங்குவது கறவைக்காலத்தின் இயல்பான சரிவு. நான் இதை எடுத்துச் சொன்னேன். ஆனால் கணக்காகப் போட்டுக் காட்டவில்லை. அது என் குறை. எண்ணாகக் காட்டியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது முடிவு 110ஆம் நாளில். பால் 10.5 லிட்டருக்கு இறங்கியிருந்தது; தீவனச் செலவு கூடுதலாகத் தெரிந்தது. கணவர் அடர்தீவனத்தை 6 கிலோவிலிருந்து 3.5 கிலோவாகக் குறைத்தார். நாளுக்கு 1.9 லிட்டர் மிச்சம் என்பது அவர் கணக்கு. 125ஆம் நாளுக்குள் பால் 8 லிட்டராயிற்று. அந்த இரண்டு வாரத்தின் இயல்பான சரிவு அரை லிட்டர் போக, தீவனக் குறைப்பால் போனது 2 லிட்டர். மிச்சப்படுத்தியதும் இழந்ததும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. அதனால்தான் அந்த முடிவு தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. நோட்டில் அன்றாட மீதி முன்போலவே இருந்தது. நட்டம் நோட்டில் விழாமல் பசுவின் உடலில் விழுந்துகொண்டிருந்தது. கறவைப் பசு தீவனம் குறைந்த உடனே பாலை முழுவதும் நிறுத்திவிடாது; சில காலம் தன் உடலைக் கரைத்துப் பால் கொடுக்கும். 150ஆம் நாள் நான் பார்த்தபோது இடுப்பெலும்பின் முனைகள் துருத்திக்கொண்டு நின்றன. விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ண முடிந்தது.

அந்த வாரமே மடிநோயும் வந்தது. பால் கறக்கும் பாத்திரத்தின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சலை அதன்மேல் விடும் வழக்கத்தை அந்த அம்மா அப்போதுதான் தொடங்கியிருந்தார். பின் வலக்காம்பின் பாலில் தயிர்த்துணுக்கு போலச் சிறு திரிகள் துணியில் தங்கின. மடி இன்னும் வீங்கவில்லை, காய்ச்சலும் இல்லை. அன்றே மருத்துவரை அழைத்ததால் மூன்று நாள் சிகிச்சையில் தேறியது. மருந்து பாலில் கலந்து வரும் காலத்தையும் சேர்த்து 7 நாள் பால் விற்கவில்லை. போனது 42 லிட்டர். மருந்துக்கும் மருத்துவர் வருகைக்கும் ஆனது 45 லிட்டர். இரண்டு நாள் தள்ளிக் கவனித்திருந்தால் அந்தக் காம்பே போயிருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார்.

சினைக்குக் காத்திருந்த காலம்

பால் குறைந்த பிறகு ஊசி போடலாம் என்று இருந்தவர்கள், 120ஆம் நாளிலிருந்து பருவத்தை எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை. 21 நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய அறிகுறி இரண்டு சுற்றாகக் காணவில்லை. 175ஆம் நாள் மருத்துவர் பரிசோதித்து, சினையும் இல்லை, சினைப்பையிலும் பருவத்துக்கான வளர்ச்சி இல்லை, பசு மெலிந்திருப்பதே காரணம் என்றார். தீவனத்தை 4.5 கிலோவாக உயர்த்தி, குடற்புழு நீக்கம் செய்து, தாது உப்புக் கலவையை விடாமல் தொடர்ந்தார்கள். பால் 7 லிட்டரிலிருந்து 7.5 ஆனது, அவ்வளவுதான். நடுக் கறவையில் தீவனத்தைக் குறைத்து இழந்த பாலைப் பிறகு தீவனம் கொடுத்து மீட்க முடியாது என்பதை அங்கே கண்ணெதிரே பார்த்தோம்.

198ஆம் நாள் காலையில் பருவம் தெரிந்தது. அன்று மாலை போட்டிருக்க வேண்டிய ஊசியை மறுநாள் மதியம்தான் போட முடிந்தது, பிடிக்கவில்லை. 219ஆம் நாளுக்கு முந்தின மாலையில் மீண்டும் அறிகுறி தெரிந்து, மறுநாள் காலையிலேயே ஊசி போட்டதில் சினை நின்றது. காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அரை நாள் தவறினால் 21 நாள் போகிறது என்று அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 280 நாள் சினைக்காலத்தைக் கூட்டினால் அடுத்த ஈற்று 499ஆம் நாள். ஈற்று இடைவெளி பதினாறு மாதத்தைத் தாண்டியது.

முதல் சுற்றின் முடிவு

301ஆம் நாளிலிருந்து 439ஆம் நாளில் பாலை வற்றச் செய்தது வரை, பசு சராசரியாக 4 லிட்டர் கொடுத்தது. அதன் ஒரு நாள் தீவனமும் புல்லும் வைக்கோலும் தாது உப்பும் 4.35 லிட்டர். அதாவது 139 நாட்கள், தினமும் இரண்டு வேளை கறந்து, பாலைச் சுமந்துபோய் ஊற்றி, ஒவ்வொரு நாளும் 0.35 லிட்டர் நட்டப்பட்டிருக்கிறார்கள். பணம் கைக்கு வந்துகொண்டே இருந்ததால் அது நட்டமாகத் தெரியவில்லை. பிறகு வந்த வற்றுக்காலத்தின் 60 நாள் செலவு ஏறக்குறைய 239 லிட்டர். 45ஆம் நாளைப் போன்ற சிறந்த நாட்கள் ஐம்பதுக்கு மேல் வந்தால்தான் அந்த ஒன்றை மட்டும் ஈடுகட்ட முடியும்.

499 நாட்களின் மொத்தக் கறவை 3,256 லிட்டர். கன்றுக்கு விட்டது, சீம்பால், மடிநோயில் கொட்டியது போக விற்றது 3,040. அடர்தீவனம் 2,042 கிலோ, அதாவது 1,531 லிட்டர்; பசுந்தீவனமும் வைக்கோலும் 998; தாது உப்பு 50; மருத்துவமும் ஊசிகளும் தடுப்பூசியும் சேர்த்து 96. மீதி 365 லிட்டர். நாளொன்றுக்கு 0.73 லிட்டர்.

நோட்டில் முதலில் இருந்தது 6.75, கணக்கு முடிந்தபோது நின்றது முக்கால் லிட்டர்கூட இல்லை. லிட்டரை 40 ரூபாய்க்கு விற்பவர் என்று வைத்துக்கொண்டால், 270 ரூபாய் என்று நம்பிய இடத்தில் 29 ரூபாய். அதிலும் தினமும் மூன்று மணி நேர உழைப்புக்கு ஒரு காசும் கழிக்கவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மருத்துவச் செலவுதான் தின்றுவிட்டது என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். ஏட்டில் இருந்ததோ வேறு. மருத்துவத்துக்குப் போனது மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. மீதியைக் கரைத்தது, சினையில்லாமல் கழிந்த நாட்கள்.

இரண்டாம் சுற்றில் செய்த மாற்றங்கள்

கடன் யோசனையைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் ஈற்றில் இரண்டு விஷயங்களை மட்டும் மாற்றினோம். ஈன்ற 60 நாளுக்குப் பிறகு வரும் முதல் பருவத்தையே விடாமல் பயன்படுத்துவது ஒன்று. இதற்காக விடியற்காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பசுவைப் பத்து நிமிடம் நின்று பார்ப்பதை வழக்கமாக்கி, பருவம் கண்ட தேதியையும் அதிலிருந்து 21ஆம் நாளையும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினார்கள். மற்றொன்று, அடர்தீவனத்தைப் பாலின் அளவோடு கட்டிப்போடுவது. வாரம் ஒருமுறை பாலை அளந்து, அதற்கேற்பத் தீவனத்தை நிறுத்துப் போட்டார்கள். இங்கே தராசு அவசியமாயிற்று. ஒரு கிலோ பிடிக்கும் என்று அதுவரை நம்பியிருந்த டப்பா, நிறுத்தபோது 820 கிராம்தான் காட்டியது. முதல் சுற்றின் எடைகளை டப்பா எண்ணிக்கையிலிருந்து எடுக்காமல் தீவன மூட்டைகளின் சீட்டிலிருந்து எடுத்திருந்ததால், அந்தக் கணக்கு இதனால் பாதிக்கப்படவில்லை.

81ஆம் நாள் போட்ட முதல் ஊசி பிடிக்கவில்லை. 102ஆம் நாள் போட்டது நின்றது. 382ஆம் நாள் அடுத்த கன்று. மொத்தக் கறவை 3,021 லிட்டர். முந்தைய சுற்றைவிட 235 லிட்டர் குறைவு. விற்றது 2,846. அடர்தீவனம் 1,807 கிலோ, அதாவது 1,355 லிட்டர், பசுந்தீவனமும் வைக்கோலும் 764, தாது உப்பு 38, மருத்துவம் 52. மீதி 637 லிட்டர், நாளொன்றுக்கு 1.67. பால் குறைந்தும் லாபம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதற்குக் காரணம், நட்டத்தில் கறந்த அந்த நீண்ட வால் இந்தச் சுற்றில் இல்லாமல் போனதுதான். வற்றவிட்ட நாளிலும் பசு 5 லிட்டருக்கு அருகில் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாலை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வற்றுக்காலம் சரியாக அமைந்தால்தான் மடி ஓய்வெடுத்து அடுத்த ஈற்றில் நன்றாகச் சுரக்கும் என்று சொல்லி நிறுத்தச் செய்தோம்.

இந்த ஒப்பீட்டில் இரண்டு விஷயங்களை மறைக்கக் கூடாது. மூன்றாம் ஈற்றில் பசு இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் கறக்கும். உயர்வில் ஒரு பகுதி அதனால் வந்தது. இந்தச் சுற்றில் மடிநோயும் வரவில்லை. கறுப்புத் துணிச் சோதனை தொடர்ந்தாலும், அதில் தற்செயலின் பங்கும் உண்டு.

விலை மாறினால்

இரண்டு சுற்றிலும் பால் விலையும் தீவன விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்ததால் 0.75 என்ற விகிதத்தை மாற்றவில்லை. பால் விலை நிற்கும்போது தீவனம் மட்டும் ஏறி, கிலோ 0.9 லிட்டராகிவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தோம். இரண்டாம் சுற்றில் நாள் லாபம் 1.67இலிருந்து 0.96 ஆகிறது, வேதனைதான், ஆனால் தாங்கலாம். முதல் சுற்றில் 0.73 என்பது 0.12 ஆகிவிடுகிறது. ஈற்று இடைவெளி நீண்ட பசுவிடம், விலை சற்றே புரண்டாலும் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இனி மாற்ற வேண்டியவை

மீண்டும் இதே நிலையைச் சந்தித்தால், 66ஆம் நாளில் வாய்ச்சொல்லோடு நிறுத்தமாட்டேன். ஊசியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு 21 நாளும் கறவையின் முன்பகுதியில் சேராமல் கடைசிப் பகுதியில் போய்ச் சேர்கிறது என்பதையும், அந்தக் கடைசிப் பகுதியின் நாள் கணக்கு கழித்தல் குறியில் நிற்கிறது என்பதையும் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுப்பேன். தீவனத்தைக் குறைக்க விரும்புபவரிடம், பாலை மட்டும் பார்க்காமல் மாதம் ஒருமுறை இடுப்பெலும்பையும் விலாவையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அன்றாட நோட்டு சொல்லாததை அது சொல்லிவிடும்.

வற்றுக்காலச் செலவை முன்கூட்டியே ஒதுக்கும் வழக்கத்தை அவர்களே தொடங்கிவிட்டார்கள். கறவை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தினமும் ஒன்றரை லிட்டரின் காசைத் தனியே எடுத்துவைத்து, பால் நின்ற 60 நாளும் அதிலிருந்தே தீவனம் வாங்குகிறார்கள். கடன் வாங்கிப் பிடிக்க நினைத்த இரண்டாவது பசுவை அவர்கள் வாங்கவில்லை. இந்தப் பதிவு தொடங்கிய ஈற்றில் பிறந்தது கிடேரிக் கன்று. அதற்கு இப்போது ஐந்து மாதச் சினை. அது பிறந்த நாளிலிருந்தே அதன் செலவு நோட்டை அந்த அம்மா அதே லிட்டர் அலகில் எழுதி வருகிறார்.